பரீட்சகர் முன் ஒரு வரி

கேள்வி: நான் சமர்ப்பித்த ஜாவா நிரலில், இருகூறுத் தேடலின் நடுவிடம் காணும் வரியை வாய்மொழித் தேர்வில் எவ்விதம் விளக்குவது?

பதில்:

```
mid = low + (high - low) / 2;
```

இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் போதாதா என்றே பரீட்சகர் பெரும்பாலும் வினவுவார். int கொள்ளும் உச்ச எண் 2147483647 ஆதலால், low 150 கோடியும் high 200 கோடியுமாக இருக்குமாயின், கூட்டுத்தொகை அவ்வெல்லையைக் கடந்து எதிர்மறை எண்ணாகித் தேடலையே குலைத்துவிடும் என்றும், வித்தியாசத்தின் பாதியை low உடன் சேர்த்தாலோ 175 கோடி என்ற சரியான விடை கிட்டும் என்றும் காகிதத்தில் எழுதியே காட்டுங்கள். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே பல்லாண்டுகள் மறைந்திருந்த இப்பிழையை 2006-ல் ஜோஷுவா பிளாக் பகிரங்கமாக விவரித்தார்.

அடுத்து, சுழற்சியின் நிபந்தனையான `low <= high` என்பதிலுள்ள சமக்குறி அவசியந்தானா என்பார். அதனை நீக்கினால், ஒரே உறுப்புள்ள வரிசையில் சுழற்சி ஒருமுறைகூட நிகழாமல், கண்ணெதிரே இருக்கும் உறுப்பையும் இல்லையென்றே நிரல் அறிவிக்கும்.