பன்னிரண்டு விழுந்தால் என்ன ஆகும்? கோட்டமும் தட்டை அளவையும்

மாணவ நண்பர்களே, கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் சாலையில் போனவர்கள் அங்குள்ள உப்பளப் பரப்பைப் பார்த்திருப்பீர்கள். உப்பளத்தில் வேலை செய்பவரிடம் "இங்கே சராசரியாக எவ்வளவு மழை பெய்யும்?" என்று கேட்டால் அவர் சிரிக்கக்கூடும். பாத்தியில் விளைந்த உப்பைக் கரைப்பது சராசரி மழையன்று. எதிர்பாராமல் கொட்டும் ஒரு நாள் மழைதான். அப்படியானால், அபூர்வமாக வரும் பெரிய எண்ணைப் பற்றிச் சொல்லும் அளவை எதுவும் புள்ளியியலில் இல்லையா? இருக்கிறது. கூட்டுச் சராசரி, திட்ட விலக்கம் ஆகிய இரண்டையும் வகுப்பில் படித்திருக்கிறீர்கள். அவற்றை அடுத்து வரும் இரண்டு அளவைகள் கோட்டம், தட்டை அளவை என்பன.

மழையின் கணக்கு சிக்கலானது. ஆகவே முதலில், எல்லா வாய்ப்புகளையும் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். அதுதான் தாயக்கட்டை.

தாயம் ஆடுவதற்குப் பித்தளையாலான இரண்டு நீண்ட கட்டைகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கங்கள். மூன்று பக்கங்களில் 1, 2, 3 புள்ளிகள் இருக்கும். நான்காவது பக்கம் வெறுமை. இரண்டையும் உருட்டினால் 4 × 4, அதாவது 16 விதமாக விழலாம். கட்டைகள் தேயாமல் ஒழுங்காக இருந்தால் இந்த 16 விதங்களுக்கும் சமவாய்ப்பு உண்டு.

புள்ளிகளை மட்டும் கூட்டுவோம். கூடுதல் 0 ஒரு விதத்திலும், 1 இரண்டு விதங்களிலும், 2 மூன்றிலும், 3 நான்கிலும் வரும். அதன்பின் வாய்ப்பு இறங்குகிறது: 4 மூன்று விதம், 5 இரண்டு, 6 ஒன்று. 3-ஐ நடுவில் வைத்துப் பார்த்தால் இடமும் வலமும் கண்ணாடியில் தெரியும் உருவம்போல் ஒத்திருக்கின்றன. சராசரியும் 3தான்.

ஆனால் ஆட்டத்தின் விதி வேறு என்பது உங்களுக்குத் தெரியும் அல்லவா? இரண்டு கட்டைகளும் வெறுமையாக விழுந்தால் அது பூச்சியம் ஆகாது; பன்னிரண்டு! இந்த ஒரே ஒரு விதி பரவலை எப்படி மாற்றிவிடுகிறது என்று பார்ப்போம்.

மற்ற எண்களின் வாய்ப்பு மாறவில்லை. 0 இருந்த இடம் காலியாகி, அதற்குரிய 16-இல் ஒரு பங்கு 12-க்குப் போய்விட்டது. 16 விதங்களின் மதிப்புகளையும் கூட்டினால் 60. எனவே சராசரி 60 ÷ 16 = 3.75.

இனி ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காண வேண்டும். 1-இன் விலக்கம் −2.75. 2-இன் விலக்கம் −1.75. இந்தத் தசமங்களைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. எல்லா விலக்கங்களும் காலின் மடங்குகளாகவே இருப்பதால், கால் என்பதையே நமது அலகாகக் கொள்வோம். அப்போது −2.75 என்பது −11 ஆகிவிடும். இப்படி அலகை மாற்றுவதால் இறுதி விடை மாறாது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

| எண் | 16-இல் வாய்ப்பு | விலக்கம் | வர்க்கம் | கனம் | நாற்படி |
|---|---|---|---|---|---|
| 1 | 2 | −11 | 121 | −1,331 | 14,641 |
| 2 | 3 | −7 | 49 | −343 | 2,401 |
| 3 | 4 | −3 | 9 | −27 | 81 |
| 4 | 3 | 1 | 1 | 1 | 1 |
| 5 | 2 | 5 | 25 | 125 | 625 |
| 6 | 1 | 9 | 81 | 729 | 6,561 |
| 12 | 1 | 33 | 1,089 | 35,937 | 11,85,921 |

ஒவ்வொரு வரிசையையும் அதன் வாய்ப்பால் பெருக்கி, கூட்டி, 16-ஆல் வகுக்க வேண்டும். விலக்கங்களை மட்டும் இப்படிச் செய்தால் பூச்சியம் வரும். உங்கள் சராசரி சரிதானா என்று சோதிக்க இது நல்ல வழி. வர்க்கங்களின் கூடுதல் 1,648. 16-ஆல் வகுத்தால் 103. இதன் வர்க்கமூலம் 10.15. அதுவே கால் அலகில் திட்ட விலக்கம்.

இப்போது கனங்களுக்கு வருவோம். வர்க்கம் எடுக்கும்போது குறை அடையாளம் மறைந்துவிடுகிறது. எண் இடப்பக்கம் விலகியதா, வலப்பக்கம் விலகியதா என்பது தெரியாமல் போகிறது. கனம் எடுத்தால் அடையாளம் நிற்கும். பரவல் இருபுறமும் ஒத்திருந்தால் கூட்டல் கனங்களும் கழித்தல் கனங்களும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். ஒத்திராவிட்டால் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தைத்தான் கோட்டம் அளக்கிறது.

நமது அட்டவணையில் கனங்களின் கூடுதல் 33,120, சராசரி 2,070. இதைத் திட்ட விலக்கத்தின் கனத்தால், அதாவது 103 × 10.15 = ஏறத்தாழ 1,045-ஆல் வகுக்கிறோம்.

கோட்டம் = 2,070 ÷ 1,045 = 1.98

இங்கே கவனியுங்கள். மேலே இருப்பதும் கால் அலகின் கனம். கீழே இருப்பதும் அதே. அலகு அடிபட்டுப் போகிறது. சென்டிமீட்டரில் அளந்தாலும் அங்குலத்தில் அளந்தாலும் கோட்டம் ஒன்றேதான். நாம் துணிந்து அலகை மாற்றியது இதனால்தான்.

விடை கூட்டல் எண்ணாக இருந்தால் பரவலின் வால் வலப்பக்கம் நீண்டிருக்கிறது என்று பொருள். கழித்தல் எண்ணானால் இடப்பக்கம். புள்ளிகளை மட்டும் கூட்டிய பழைய பரவலுக்குக் கோட்டம் பூச்சியம். வலப்பக்க வால் சராசரியையும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. 16-இல் 9 விதங்கள் சராசரியான 3.75-க்குக் கீழேயே விழுகின்றன. அதாவது பாதிக்கு மேற்பட்ட உருட்டல்கள் "சராசரிக்குக் குறைவு" என்றே அமைகின்றன!

அடுத்தது நாற்படி. விலக்கத்தை நான்கு முறை பெருக்கினால் அடையாளம் மறுபடியும் மறைந்துவிடும். ஆகவே திசையைப் பற்றி இது எதுவும் சொல்லாது. பின் எதற்காக இவ்வளவு பெரிய எண்கள்? முதலில் விடையைக் காண்போம். நாற்படிகளின் கூடுதல் 12,30,544, சராசரி 76,909. இதைத் திட்ட விலக்கத்தின் நாற்படியால், அதாவது 103 × 103 = 10,609-ஆல் வகுக்க வேண்டும்.

தட்டை அளவை = 76,909 ÷ 10,609 = 7.25

ஒப்பிடுவதற்குச் சொல்கிறேன்: மணி வடிவமுள்ள இயல்நிலைப் பரவலுக்கு இந்த அளவை 3. பன்னிரண்டு விதி இல்லாத பழைய பரவலுக்கு 2.32. அந்த ஒரு விதி 2.32-ஐ 7.25 ஆக்கிவிட்டது.

இந்த அளவைக்குப் பெயரிட்டவர் கார்ல் பியர்சன், ஆண்டு 1905. பரவலின் உச்சி தட்டையாக இருக்கிறதா, கூராக இருக்கிறதா என்பதை இது காட்டும் என்று கருதப்பட்டது. "தட்டை அளவை" என்ற தமிழ்ப் பெயரும் அந்தக் கருத்தைத் தழுவியதே. பல பாடநூல்களிலும் அப்படியே படித்திருப்பீர்கள். ஆனால் நமது தாயக்கட்டை என்ன சொல்கிறது? பழைய பரவலில் உச்சி 3-இல் இருந்தது. அதன் வாய்ப்பு 16-இல் 4. புதிய பரவலிலும் உச்சி 3-இல்தான். வாய்ப்பும் அதே 4. அதற்கு இருபுறமும் உள்ள 1, 2, 4, 5, 6 ஆகியவற்றின் வாய்ப்பும் இம்மியளவும் மாறவில்லை. உச்சி மாறாமலிருக்க, அளவை மட்டும் மூன்று மடங்காகியிருக்கிறது. எனவே அது உச்சியை அளக்கவில்லை என்பது தெளிவு.

பின் எதை அளக்கிறது? அட்டவணையின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். மொத்தம் 12,30,544-இல் 11,85,921 பன்னிரண்டு என்ற ஒரே எண்ணிலிருந்து வந்தது. நூற்றுக்கு 96 பங்கு! மற்ற 15 விதங்களும் சேர்ந்து தந்தது 4 பங்குக்கும் குறைவு. காரணம் எளிது. 12 சராசரியிலிருந்து 33 ÷ 10.15, அதாவது 3.25 திட்ட விலக்கத் தொலைவில் நிற்கிறது, 3.25-இன் நாற்படி ஏறத்தாழ 112. உச்சியான 3 நிற்பதோ 0.3 திட்ட விலக்கத் தொலைவில், 0.3-இன் நாற்படி 0.008. ஒன்றுக்கு மேற்பட்ட எண் நாற்படியில் வீங்குகிறது. ஒன்றுக்குக் குறைந்தது சுருங்கி மறைகிறது. எனவே தட்டை அளவை உண்மையில் சொல்வது வால்களைப் பற்றித்தான்: வெகுதொலைவில் எண்கள் விழுகின்றனவா, இல்லையா என்பதை. "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் எழுதிய காசெட் 1927-இல் இதற்கு வேடிக்கையான படம் ஒன்று வரைந்தார். அளவை குறைந்த பரவலுக்குக் குட்டை வாலுள்ள பிளாட்டிபஸ். அளவை மிகுந்த பரவலுக்கு நீண்ட வாலுள்ள கங்காரு!

ஓர் எச்சரிக்கை. மேலே நாம் கணக்கிட்டது எல்லா வாய்ப்புகளையும் அறிந்துகொண்டு. கட்டையை உருட்டிக் கிடைக்கும் எண்களிலிருந்து கணக்கிட்டால் என்ன ஆகும்? 16 முறை உருட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு ஒருமுறைகூட விழாமலிருக்க வாய்ப்பு, 15/16 என்ற பின்னத்தைப் பதினாறு முறை பெருக்கினால் கிடைக்கும் 0.36. வகுப்பில் மூன்று பேரில் ஒருவருக்கு அது கண்ணிலேயே படாது. அவர் கணக்கில் தட்டை அளவை 2.2 என்ற அளவில் வரும், உண்மை 7.25. சராசரியிலும் பிழை வரும். ஆனால் அது 3.75-க்குப் பதில் 3.2 என்ற அளவுதான். அபூர்வ நிகழ்ச்சியை நம்பியிருக்கும் அளவையைச் சில பதிவுகளைக்கொண்டு முடிவு செய்யக்கூடாது. 160 முறை உருட்டினால் பன்னிரண்டு ஏறத்தாழ 10 முறை விழும். அப்போது விடை உண்மையை நெருங்கும்.

இனி மழைக்குத் திரும்புவோம். ஒருநாள் மழை பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது, இடப்பக்கம் சுவர். மேற்பக்கம் அப்படிப்பட்ட சுவர் இல்லை. பல நாட்கள் பூச்சியம், சில நாட்கள் சிறிது, என்றோ ஒருநாள் பெருமழை. எனவே கோட்டம் கூட்டல் எண்ணாகவே இருக்கும். வாலின் நீளமோ நம்மைத் திடுக்கிட வைக்கும். கேளம்பாக்கத்துக்கு வடமேற்கே உள்ள தாம்பரத்தில் 2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. சென்னையின் ஆண்டுச் சராசரியே சுமார் 140 செ.மீ. தான். ஓராண்டு மழையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே நாளில் விழுந்துவிட்டது. தாயத்தில் பன்னிரண்டின் வாய்ப்பு நமக்கு முன்பே தெரியும். மழையில் அது தெரியாது. சில ஆண்டுப் பதிவேட்டை மட்டும் பார்த்து வடிகாலின் அகலத்தைத் தீர்மானிப்பவர், பன்னிரண்டு விழாத 16 உருட்டல்களை வைத்துக் கணக்குப் போட்ட மாணவரின் நிலையில் இருக்கிறார்.

நீங்களே செய்து பார்க்க ஒரு கணக்கு: ஒரே ஒரு தாயக்கட்டையை உருட்டுங்கள், வெறுமைப் பக்கத்தைப் பூச்சியமாகவே கொள்ளுங்கள். கோட்டம், தட்டை அளவை இரண்டையும் காண்க. விடை: 0, 1.64. இங்கே வாலே இல்லை என்பதை இரண்டாம் எண்ணிலிருந்து உணர முடிகிறதல்லவா?