ஒரு முறை சொன்னால் போதும்: கைப்பேசி தானே அமைதியாகவும் தானே ஒலிக்கவும்

வகுப்புக்குள் நுழையும் முன் கைப்பேசியை ஒலியற்ற நிலைக்கு மாற்றுவது நம் எல்லோருக்கும் பழகிவிட்ட ஒன்று. மாலையில் அதைப் பழைய நிலைக்குத் திருப்புவதுதான் பழகவில்லை. சென்ற ஆண்டு ஒரு நாள் அப்படித்தான் மறந்துவிட்டேன். பள்ளி முடிந்து, கடைக்குப் போய், வீடு திரும்பும் வழியில் கைப்பேசியை எடுத்துப் பார்த்தபோது அம்மாவிடமிருந்து ஆறு அழைப்புகள். குளியலறையில் அப்பா வழுக்கி விழுந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆட்டோ வைத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தார். எலும்பு முறியவில்லை என்பது மட்டுமே ஆறுதல்.

மறுநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது எங்கள் கணித ஆசிரியை கேட்டார்: “தினமும் ரெண்டு தடவை ஞாபகம் வெச்சுக்கிட்டா எப்படி சார் முடியும்? ஒரு தடவை போன்கிட்ட சொல்லி வெச்சிடுங்க, அது பார்த்துக்கும்.” அன்று அவர் காட்டித் தந்த முறையையும், அதன்பின் நானே பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வரிக் கட்டளை

கைப்பேசிக்கு நாம் எழுதிவைக்கும் கட்டளையில் இரண்டு பகுதிகள் உண்டு. “இப்படி இருந்தால்” என்பது முதல் பகுதி. “இதைச் செய்” என்பது இரண்டாவது. சாம்சங் கைப்பேசிகளில் இதற்கான இடம் `Settings` உள்ளே `Modes and Routines` என்ற பெயரில் இருக்கிறது. சற்றுப் பழைய கைப்பேசிகளில் இதுவே `Bixby Routines` என்று இருக்கும். அதில் `Routines` பகுதிக்குச் சென்று + குறியைத் தொட்டால் `If`, `Then` என்று இரண்டு பெட்டிகள் தோன்றும். நிபந்தனை `If` பெட்டியிலும், செயல் `Then` பெட்டியிலும் சேர வேண்டும்.

எந்த நிபந்தனை?

நான் முதலில் நேரத்தை மட்டும் கொடுத்தேன்: திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 9.00 முதல் மாலை 4.30 வரை. இரண்டு வாரம் நன்றாக வேலை செய்தது. பிறகு ஒரு புதன்கிழமை உள்ளூர் விடுமுறை வந்தது. வீட்டில் இருந்தேன், கைப்பேசி மட்டும் பள்ளியில் இருப்பதுபோல் பகல் முழுவதும் பேசாமல் கிடந்தது.

அடுத்து, பள்ளி அலுவலகத்தின் வைஃபையை நிபந்தனையாக வைத்துப் பார்த்தேன். அந்த வைஃபையில் இணைந்திருக்கும் வரை அமைதி. இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. மின்சாரம் போனால் வைஃபைப் பெட்டியும் அணைந்துவிடும். இணைப்பு அறுந்ததும் நான் பள்ளியை விட்டுப் போய்விட்டதாகக் கைப்பேசி நினைத்துக்கொள்ளும். மின்தடையான ஒரு பிற்பகலில், எட்டாம் வகுப்பின் நடுவில், அது உரக்க ஒலித்தது.

இப்போது நேரம், இடம் இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன். `If` பெட்டியில் முதலில் நேரத்தைச் சேர்த்து, மறுபடி + தொட்டு `Place` சேர்க்க வேண்டும். வரைபடத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்ததும் அதைச் சுற்றி ஒரு வட்டம் தெரியும். விளையாட்டுத் திடலும் உள்ளே வருமாறு அந்த வட்டம் இருக்கட்டும். ஒரே பெட்டியில் இரண்டு நிபந்தனைகள் இருந்தால் இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கும்போது மட்டுமே கட்டளை நடக்கும். விடுமுறை நாளில் இடம் பொருந்தாது. மாலையில் பள்ளி வளாகத்திலேயே நின்றாலும் நேரம் பொருந்தாது. பள்ளிக்கு அருகிலேயே குடியிருப்பவர்களுக்கும் இந்தச் சேர்க்கையே ஏற்றது.

இட நிபந்தனைக்குக் கைப்பேசியில் `Location` எப்போதும் இயங்க வேண்டும். மின்கலம் தீர்ந்துவிடும் என்று அதை அணைத்து வைப்பவர்களுக்கு இது பயன்படாது. அவர்கள் நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, விடுமுறை நாளில் கட்டளையைக் கையால் நிறுத்திவைக்கலாம்.

நேரத்தைத் தரும்போது தொடக்கம், முடிவு இரண்டும் உள்ள காலஅளவாகத் தருவது முக்கியம். “காலை 9.00” என்று ஒரு நொடியை மட்டும் தந்தால் அந்த நொடியில் அமைதியாகிவிடும், திரும்ப வராது. காலஅளவாகத் தந்தால் அது முடிந்ததும் முன்பிருந்த நிலைக்குக் கைப்பேசி தானே திரும்பும். எனக்கு அன்று தேவைப்பட்டது இந்தத் திரும்புதல்தான்.

முழு அமைதி வேண்டாம்

`Then` பெட்டியில் எதைச் சேர்ப்பது என்பதில்தான் பலர் தவறுகிறோம். `Sound mode` எடுத்து `Mute` வைத்தால் யார் அழைத்தாலும் ஒலிக்காது. வீட்டில் அவசரம் என்றாலும் அப்படித்தான். அதற்குப் பதிலாக `Do not disturb` என்பதைச் சேர்க்க வேண்டும். இது வாசலில் நிற்கும் காவலர் மாதிரி. நாம் சொன்னவர்களை மட்டும் உள்ளே விடும்.

யாரை விடுவது என்பதை `Settings` உள்ளே `Notifications`, அதில் `Do not disturb` பகுதிக்குச் சென்று ஒரு முறை அமைத்துவிட வேண்டும். அழைப்புகளுக்கான இடத்தில், விருப்பத் தொடர்புகள் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு தொடர்புப் பட்டியலில் அம்மா, துணைவர், பிள்ளைகள் படிக்கும் பள்ளி, தலைமை ஆசிரியர் என்று நான்கைந்து எண்களுக்கு மட்டும் நட்சத்திரக் குறி இடுங்கள். அங்கேயே `Repeat callers` என்று இன்னொரு வசதி உண்டு. ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடங்களுக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால் அது ஒலிக்கும். பட்டியலில் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் அவசரத்துக்கு அழைத்தால் இந்த வழியில்தான் நம்மை எட்ட முடியும். ஆகவே, “எடுக்கவில்லை என்றால் உடனே இன்னொரு தடவை அடியுங்கள்” என்று அவர்களிடம் சொல்லிவைப்பது நல்லது. வாட்ஸ்அப் அழைப்பை நம்ப வேண்டாம், சாதாரண அழைப்பாகவே வரட்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. கைப்பேசியின் ஒலி நிலை `Sound` என்பதிலேயே இருக்க வேண்டும். பழைய பழக்கத்தில் அதையும் கையால் `Mute` செய்துவிட்டால் நட்சத்திரக் குறியிட்டவர் அழைத்தாலும் மணி ஒலிக்காது. காவலர் கதவைத் திறந்தாலும் மணியின் நாக்கைக் கட்டிவைத்தது நாம்தான்.

இரவில் தரவுச் சேமிப்பு

அடுத்த கட்டளை இரவுக்கானது. நம்மில் பலர் நாள் ஒன்றுக்கு 1.5 ஜிபி அல்லது 2 ஜிபி என்ற திட்டத்தில் இருக்கிறோம். அந்தக் கணக்கு பெரும்பாலும் நள்ளிரவில் புதிதாகத் தொடங்கும். ஆகவே 12 மணிக்குப் பிறகு நாம் உறங்கும்போது செலவாகும் தரவு, மறுநாள் வகுப்புக்கான பங்கிலிருந்து போகிறது. 1.5 ஜிபியில் 400 எம்பி இரவிலேயே போய்விட்டால், வகுப்பில் காணொலி காட்ட மீதி 1.1 ஜிபிதான்.

உங்கள் கைப்பேசியில் இது நடக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். `Settings` உள்ளே `Connections`, அதில் `Data usage` சென்று ஒவ்வொரு செயலியையும் தொட்டால், நாம் திறந்து பார்த்தபோது செலவானது எவ்வளவு, பின்னணியில் செலவானது எவ்வளவு என்று தனித்தனியே காட்டும். பின்னணிக் கணக்கு சிறியதாக இருந்தால் இந்தக் கட்டளையே தேவையில்லை.

பெரியதாக இருந்தால் புதிய கட்டளை ஒன்றில் `If` பெட்டியில் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை, ஏழு நாளும் என்று தாருங்கள். `Then` பெட்டியில் `Data saver` என்று தேடிச் சேருங்கள். நாம் திறந்து வைத்திருக்கும் செயலியை இது தடுக்காது. திறக்காமல் பின்னணியில் கிடக்கும் செயலிகள் மொபைல் தரவைத் தொடுவதை மட்டும் நிறுத்தும். வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால் பொதுவாக எதையும் தடுக்காது. சாதாரண அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் இடையூறு இல்லை. வாட்ஸ்அப் செய்திகள் தாமதமாக வரலாம். வெளியூரிலிருந்து பிள்ளைகள் இரவில் செய்தி அனுப்புவார்கள் என்றால், `Data saver` பக்கத்தில் உள்ள விதிவிலக்குப் பட்டியலில் வாட்ஸ்அப்பை மட்டும் சேர்த்துவிடலாம்.

உங்கள் கைப்பேசியின் `Then` பட்டியலில் `Data saver` இல்லையென்றால், `Mobile data` அணைக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். அது முரட்டு வழி. காலை வரை இணையம் எதுவுமே வராது.

இதில் நான் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. தொடக்கத்தில் முடிவு நேரத்தைக் காலை 10.00 என்று வைத்திருந்தேன். 9.30 மணிக்கு வகுப்பு மடிக்கணினிக்குக் கைப்பேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் தர முயன்றபோது பொத்தான் அசையவே இல்லை. தரவுச் சேமிப்பு இயங்கும்போது ஹாட்ஸ்பாட் தர முடியாது என்பது அன்றுதான் தெரிந்தது. முடிவு நேரம் நீங்கள் பள்ளிக்குக் கிளம்பும் முன்பே இருக்கட்டும்.

ஆசிரியர் அறையில் ஒரு சோதனை

அமைத்துவிட்டு அப்படியே நம்பிவிடாதீர்கள். பள்ளிக் கட்டளையின் முடிவு நேரத்தை மட்டும் இப்போதிலிருந்து பத்து நிமிடம் என்று தற்காலிகமாக மாற்றுங்கள். பட்டியலில் இல்லாத ஒரு சக ஆசிரியரை அழைக்கச் சொல்லுங்கள். ஒலிக்கக் கூடாது. அவரே உடனே மறுபடி அழைக்கட்டும். இப்போது ஒலிக்க வேண்டும். பிறகு வீட்டிலிருந்து ஒரு முறை அழைக்கச் சொல்லுங்கள். முதல் முறையிலேயே ஒலிக்க வேண்டும். பத்து நிமிடம் கழிந்ததும், இதுவரை அழைக்காத வேறொருவர் அழைத்தால் வழக்கம்போல் ஒலிக்க வேண்டும்.

முதல் அழைப்பே ஒலித்துவிட்டால் கட்டளை தொடங்கவில்லை என்று பொருள். `Location` இயங்குகிறதா, வட்டத்துக்குள் இருக்கிறீர்களா என்று பாருங்கள். வீட்டு அழைப்பு ஒலிக்காவிட்டால் நட்சத்திரக் குறியையும் ஒலி நிலையையும் பாருங்கள். கடைசி அழைப்பு ஒலிக்காவிட்டால் முடிவு நேரத்தைச் சரிபாருங்கள். எல்லாம் சரியாக வந்தபின் நேரத்தைப் பழையபடி 4.30க்கு மாற்ற மறக்காதீர்கள்.

வேறு நிறுவன ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கும் `Do Not Disturb` பகுதியிலேயே கால அட்டவணை வைக்கும் வசதி உண்டு. ஐபோனில் இதற்கு `Focus` என்று பெயர். அங்கும் நேரம், இடம் இரண்டையும் தரலாம்.

எங்கள் பள்ளியில் இப்போது ஏழு பேர் இப்படி அமைத்திருக்கிறோம். சென்ற மாதம் ஆறாம் வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது என் கைப்பேசி ஒலித்தது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். எடுத்தேன். அம்மாதான். அப்பாவுக்கு மாத்திரை தீர்ந்துவிட்டதாம், வரும்போது வாங்கி வரச் சொன்னார்.

மாலை 4.30க்குப் பிறகு சொல்லியிருக்கலாம்தான். ஆனாலும் அந்த மணி ஒலித்ததில் எனக்கு வருத்தமில்லை.