கூடுதல் வாரண்டி வாங்கலாமா? பழைய பில்களைப் பாருங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கும்போது பில் போடும் கவுண்ட்டரில் கடைசியாக ஒரு கேள்வி வரும். 2024 ஜூனில் என் மகளின் கல்லூரிப் படிப்பிற்காக 52,000 ரூபாயில் ஒரு லேப்டாப் வாங்கினேன். அப்போது எனக்கும் அந்தக் கேள்வி வந்தது. "சார், கம்பெனி வாரண்டி ஒரு வருஷம்தான். இன்னும் 5,900 ரூபாய் கட்டினால் மேலும் இரண்டு வருஷம் கவலையே இல்லை" என்றார் விற்பனையாளர். மகள் ஹாஸ்டலுக்குச் செல்லப் போகிறாள். அங்கே மெஷின் நின்றுவிட்டால்? பர்ஸைத் திறந்தேவிட்டேன். பிறகு, "இதை இப்போதே எடுக்க வேண்டுமா?" என்று கேட்டேன். முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லா நிறுவனங்களும் இப்படி அனுமதிப்பதில்லை. சில நிறுவனங்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் எடுக்கச் சொல்லும். எனவே கடைசித் தேதி எது என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். நிதானமாகக் கணக்குப் பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

முதல் வேலை: பட்டியல்

வீட்டிற்கு வந்ததும் பழைய பில்களை எடுத்தேன். 2014 மார்ச்சில் வாங்கிய டெஸ்க்டாப்பை 8 ஆண்டுகளும், 2018 ஜூனில் வாங்கிய லேப்டாப்பை 6 ஆண்டுகளும் பயன்படுத்தியிருந்தோம். இரண்டிற்கும் சேர்த்து 11 ரிப்பேர்கள். மொத்தச் செலவு 18,800 ரூபாய். இதைப் பார்த்ததும் 5,900 ரூபாய் மலிவு என்றே தோன்றியது. பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறோம்.

அடுத்து, விற்பனையாளர் கொடுத்த வாரண்டித் தாளில் "இவை சேராது" என்று சிறிய எழுத்தில் இருந்த பகுதியைப் படித்தேன். பேட்டரி, சார்ஜர், சாப்ட்வேர், தண்ணீர் கொட்டியதால் வரும் பழுது, கீழே விழுந்து உடைவது, மின் அழுத்த மாறுபாட்டால் வரும் சேதம் ஆகியவை சேராது என்று இருந்தது. பட்டியலில் ஒவ்வொரு ரிப்பேரையும் இதனுடன் ஒப்பிட்டேன். லேப்டாப் பேட்டரிக்குக் கொடுத்த 2,800, சார்ஜருக்கு 1,200, காபி கொட்டிய கீ போர்டுக்கு 1,900, வைரஸ் வந்து விண்டோஸ் மறுபடி போட்டதற்கு 500, யூ.பி.எஸ். பேட்டரிக்கு 1,100 என எல்லாம் கழிந்தன. 2015 டிசம்பரில் டெஸ்க்டாப்பின் ஹார்ட் டிஸ்க் போனது. அதற்கு அதைத் தயாரித்த நிறுவனமே இரண்டு ஆண்டு வாரண்டி தந்திருந்ததால் செலவே இல்லாமல் மாற்றித் தந்தார்கள். ஆக, கூடுதல் வாரண்டி இருந்திருந்தால் மிச்சமாகியிருக்கக் கூடியது 11,300 ரூபாய் மட்டுமே.

எந்த ஆண்டில் பழுது?

மூன்றாவது வடிகட்டல்தான் முக்கியமானது. கூடுதல் வாரண்டி நமக்குத் தருவது மெஷினின் இரண்டாவது, மூன்றாவது ஆண்டுகளை மட்டும். அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த ரிப்பேர் எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும். எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து, A நெட்டு வரிசையில் தேதி, B-யில் பழுது, C-யில் அது மெஷினின் எத்தனையாவது ஆண்டு என்ற எண், D-யில் வாரண்டியில் சேருமானால் Y, சேராதென்றால் N, E-யில் தொகை என டைப் செய்திடவும். முதல் வரிசை தலைப்புகளுக்கு. 11 ரிப்பேர்கள் என்பதால் என் பட்டியல் 12-ஆவது வரிசையில் முடிந்தது. ஒரு காலி செல்லில் இதனைக் கொடுத்தேன்.

```
=SUMIFS(E2:E12,D2:D12,"Y",C2:C12,">=2",C2:C12,"<=3")
```

விடை 850. 2016 நவம்பரில் டெஸ்க்டாப்பில் மாற்றிய எஸ்.எம்.பி.எஸ். மட்டும்தான் அது. மதர்போர்டு ரிப்பேர்கள் இரண்டும் (3,600 மற்றும் 4,500) மெஷினின் ஆறாவது ஆண்டில் வந்தவை. கூடுதல் வாரண்டி எடுத்திருந்தாலும் அதற்குள் காலாவதியாகியிருக்கும்.

இரண்டு மெஷின் போதுமா?

போதாது. நம் வீட்டில் நடக்காதது இனியும் நடக்காது என்று சொல்ல முடியாது. எனவே வேறு பக்கத்திலிருந்தும் பார்த்தேன். சர்வீஸ் சென்டருக்கு போன் செய்து, இந்த மாடலுக்கு மதர்போர்டு மாற்றினால் எவ்வளவு என்று கேட்டேன். சுமார் 18,000 என்றார்கள். 5,900-ஐ 18,000-ஆல் வகுத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதாவது, மூன்று லேப்டாப்களில் ஒன்றுக்காவது இரண்டாம், மூன்றாம் ஆண்டில் மதர்போர்டு போனால்தான் இந்தப் பணம் ஈடாகும். அண்ணன் வீடு, மைத்துனர் வீடு, பக்கத்து வீடுகள் என்று விசாரித்ததில் எங்களுடையதையும் சேர்த்து 9 மெஷின்களின் கதை கிடைத்தது. அந்த ஆண்டுகளில் மதர்போர்டு போனது ஒன்றே ஒன்று. ஒன்பதில் ஒன்று என்றால் 18,000-க்கு 2,000 ரூபாய் மதிப்பு. சில்லறை ரிப்பேர்களைச் சேர்த்தும் 2,500-ஐத் தாண்டவில்லை.

இதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. திடீரென 18,000 ரூபாய் செலவு வந்தால் கடன்தான் வாங்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், கணக்கில் நஷ்டம் என்றாலும் வாரண்டி எடுப்பதில் தவறில்லை. நான் 5,900 ரூபாயை வங்கியில் தனியாகப் போட்டு வைத்தேன். 2025 நவம்பரில் மகள் கீ போர்டில் தண்ணீர் கொட்டிவிட்டாள். 2,300 ரூபாய் அதிலிருந்துதான் போனது. வாரண்டி எடுத்திருந்தால் அதற்கு ஒரு பைசாவும் வந்திருக்காது.

தங்கை வீட்டில் விடை வேறு

கடலோர ஊரில் இருக்கும் என் தங்கை டெஸ்க்டாப்பில் டியூஷன் நோட்ஸ் தயாரிக்கிறாள். உப்புக் காற்று, அடிக்கடி மின்தடை. மூன்று ஆண்டுகளில் எஸ்.எம்.பி.எஸ். இருமுறை, மதர்போர்டு, மானிட்டர் என உதிரி பாகங்களுக்கு 7,250 ரூபாயும், நான்கு முறை மெக்கானிக் வந்ததற்கு 1,200 ரூபாயும் ஆகியிருந்தது. ஆண்டுக்குச் சுமார் 2,800. உள்ளூர்க் கடை ஏ.எம்.சி. எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை இரண்டு வகையாகத் தந்தது. உதிரி பாகங்களும் சேர்ந்த காம்ப்ரஹென்சிவ் வகைக்கு 2,000. வந்து பார்க்கும் கூலி மட்டும் சேர்ந்த வகைக்கு 1,200. மலிவானதை எடுத்தால் அவளுக்கு மிச்சமாவது ஆண்டுக்கு 400 ரூபாய் கூலி மட்டும்தான், 800 நஷ்டம். 2,000 ரூபாய் வகையில் 800 லாபம். ஆனால் மின் அழுத்தத்தால் போகும் பாகங்களும் சேரும் என்று கடைக்காரர் கைப்பட எழுதித் தந்த பிறகே பணம் கட்டச் சொன்னேன். அது இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ். போகும் ஒவ்வொரு முறையும் வாக்குவாதம்தான்.

அதோடு எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டின் எர்த் இணைப்பையும் சரிபார்க்கச் சொன்னேன். அது அறுந்திருந்தது! இப்போது சரி செய்துவிட்டோம். இனி பழுது குறைந்தால் பழைய கணக்கும் மாறும். எனவே அடுத்த ஆண்டு புதுப்பிக்கும் முன் அந்த ஓராண்டுப் பில்களை வைத்து மீண்டும் கணக்குப் போடச் சொல்லியிருக்கிறேன்.