கம்பி மத்தாப்பு

(காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உரக்கப் படிக்க)

கம்பி மத்தாப் பேந்தி அக்கா
கையை நீட்டி நின்றாள்;
தம்பி செருப்பைக் கழற்றி விட்டுத்
தாவித் தாவிச் சென்றான்.

பொறிகள் ஓய்ந்து கம்பி கறுத்துப்
புகையே வரையும் கோடு;
அறியா வண்ணம் அதனுள் இன்னும்
அடங்கி யிருக்கும் சூடு.

இருளில் அதனைத் தரையில் போட்டாள்;
எட்டு வைத்தான் தம்பி;
அருகில் நின்றோர் அலறல் கேட்டார்;
அடியைச் சுட்டது கம்பி.

பற்பசை பூசப் பாட்டி வந்தார்;
“பாட்டி, வேண்டாம்” என்றாள்;
கற்ற வாறே குழாயின் நீரில்
காலைப் பிடித்து நின்றாள்.

20 நிமிடம் நீரில் வைத்தே
எரிச்சல் தன்னைப் போக்கி,
மருத்து வரிடம் காட்டச் சென்றார்
மகனை அப்பா தூக்கி.

அடுத்த மாலை வாளி நீரில்
அகல்வி ளக்கும் ஒளிரும்;
எடுத்த கம்பி எரிந்த வுடனே
“உஸ்”ஸென் றுள்ளே குளிரும்.