அல்கோவுக்கு ஆரூடம் தெரியுமா?

பிளஸ் டூ வணிகவியல் வகுப்பில் பங்குச் சந்தை என்று பேச்செடுத்தால் போதும், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்துவிடும்: "சார், அல்கோ போட்டுவிட்டா நாம தூங்குறப்பவே காசு வருமாமே?" அண்ணனோ மாமாவோ போனில் காட்டிய விளம்பரத்திலிருந்து பிறந்த கேள்வி அது. பள்ளியில் தானியங்கி வர்த்தகம் பற்றிப் பேசப் போகிறவர் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். ஒரு பீரியடு, அதாவது 40 நிமிடம் இருந்தால் போதும். புரொஜெக்டர்கூட வேண்டாம். கரும்பலகை, சாக்பீஸ், எழுந்து வர இரண்டு மாணவர்கள்.

நம்பிக்கை: அல்கோ விலையைப் பார்த்தே அடுத்து எங்கே போகும் என்று சொல்லிவிடும்

அல்கோ என்பது, இப்படி நடந்தால் இதைச் செய் என்று யாரோ எழுதி வைத்த புரோகிராம். அது 'பார்க்கும்' விலை என்பது பங்குச் சந்தையிலிருந்து வந்து விழுந்துகொண்டே இருக்கும் எண்களின் வரிசை: கடைசியாக எந்த விலைக்குக் கைமாறியது, எத்தனை பங்கு, எந்த நேரத்தில், இப்போது வாங்கவும் விற்கவும் என்ன விலையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் வேலைநிறுத்தமா, முதலாளி வீட்டில் சண்டையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, யாராவது அதையும் எண்ணாக்கி ஊட்டினாலொழிய.

இதை வகுப்பிலேயே காட்டிவிடலாம். ஒரு மாணவி விலைகளை வாசிக்கட்டும், ஒரு மாணவர் புரோகிராமாக நிற்கட்டும். விதி எளிமையானது: கடைசி ஐந்து விலைகளின் சராசரியைவிட இப்போதைய விலை மேலே இருந்தால் வாங்கு, கீழே வந்தால் விற்றுவிடு. உண்மையான அல்கோக்கள் பலவும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

மாணவி வாசிக்கிறாள்: 100, 100, 100, 100, 100. ஒன்றும் நடக்கவில்லை. அடுத்து 103. சராசரி 100.60, விலை அதற்கு மேலே இருப்பதால் 103க்கு வாங்கியாகிவிட்டது. அடுத்து 99. சராசரி 100.40; விலை கீழே. 99க்கு விற்பனை, 4 ரூபாய் நஷ்டம். மறுபடி 103, சராசரி 101, மறுபடி வாங்கல். மறுபடி 99, சராசரி 100.80, மறுபடி விற்பனை. விலை 100ஐச் சுற்றியே ஊஞ்சலாடிக்கொண்டிருக்க, கையிலிருந்து பங்கு ஒன்றுக்கு 8 ரூபாய் போய்விட்டது. தரகும் வரியும் தனி.

அதே விதி, 103க்குப் பிறகு விலை 106, 109, 112 என்று ஏறியிருந்தால் நன்றாகவே சம்பாதித்திருக்கும். அப்போதும் அது உச்சியில் விற்காது. விலை இறங்கி சராசரிக்குக் கீழே வந்த பிறகே விற்கும், ஏனென்றால் சராசரி என்பது நடந்து முடிந்ததன் கணக்கு. ஏறத் தொடங்கியது இன்னும் ஏறும் என்று அந்த விதியை எழுதியவர் கட்டிய பந்தயம் அது. பந்தயம் பலித்த மாதங்களை மட்டும் வெட்டி ஒட்டினால் விளம்பரம் தயார்.

நம்பிக்கை: மனிதன் தவறு செய்வான், மெஷின் செய்யாது

பேச்சில் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்கலாம். முதலில் கரும்பலகையில் இரண்டு வரி:

```python
if price > 100:
    buy(10)
```

விலை 100ஐத் தாண்டினால் 10 பங்கு வாங்கு. இனி நொடிக்கு ஒரு விலை வருகிறது: 98, 99, 101, 102, 101, 103. கடைசியில் கையில் எத்தனை பங்கு இருக்கும்? வகுப்பில் பெரும்பாலானவர்கள் 10 என்பார்கள். சரியான விடை 40. 100க்கு மேல் நான்கு விலைகள் வந்தன. நான்கு முறையும் புரோகிராம் சொன்னதைச் செய்தது. 'ஏற்கெனவே வாங்கிவிட்டோமே' என்று நமக்குத் தோன்றும். அதற்குத் தோன்றாது, தொடக்கத்தில் `bought = 0` என்று வைத்துக்கொண்டு அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்:

```python
if price > 100 and bought == 0:
    buy(10)
    bought = 10
```

சின்னப் பிள்ளைக் கணக்கு என்று தோன்றலாம். இதே வகைக் கோளாறால்தான் அமெரிக்காவின் பெரிய பங்குத் தரகு நிறுவனங்களில் ஒன்றான நைட் கேப்பிடல், 2012 ஆகஸ்ட் 1 காலையில் முக்கால் மணி நேரத்தில் 46 கோடி டாலருக்கும் மேல் இழந்தது.

நியூயார்க் பங்குச் சந்தை சிறு முதலீட்டாளர்களுக்காக ஒரு புதிய ஏற்பாட்டை அன்று தொடங்கவிருந்தது. அதற்கேற்ப நைட் தன் மென்பொருளை மாற்றியது. வாடிக்கையாளரின் ஆர்டரைச் சின்னச் சின்னதாக உடைத்துச் சந்தைக்கு அனுப்பும் மென்பொருள் அது. எட்டு சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது. புதிய வடிவத்தை முந்தைய சில நாட்களில் ஏழு சர்வர்களில் ஏற்றினார்கள். எட்டாவது விட்டுப்போனது. எல்லாவற்றிலும் ஏற்றியாகிவிட்டதா என்று இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கம் அங்கே இல்லை.

ஏழில் இருக்கிறது, ஒன்றில் இல்லை. அதனால் என்ன என்று கேட்கலாம். அந்த எட்டாவதில் 'பவர் பெக்' என்ற பழைய புரோகிராம் ஒன்று கிடந்தது. 2003லேயே பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது, ஆனால் அழிக்கப்படவில்லை. ஒரு காலத்தில் அதற்கு ஒரு எண்ணிக்கை இருந்தது: கேட்ட அளவு வாங்கியாகிவிட்டதா என்று பார்க்கும், ஆகிவிட்டால் நிறுத்தும். 2005இல் மென்பொருளை மாற்றியமைத்தபோது அந்த எண்ணிக்கையை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டார்கள். யாரும் ஓட்டாத புரோகிராம் என்பதால் அது இன்னும் ஒழுங்காக நிற்கிறதா என்று சோதிக்கவும் இல்லை. கரும்பலகையில் `bought == 0` என்ற பகுதியை அழித்தது போலத்தான்.

புதிய மென்பொருளை இயக்க ஒரு 'சுவிட்ச்' வேண்டியிருந்தது. பவர் பெக்குக்கு முன்பு இருந்த அதே சுவிட்சை எடுத்துப் புதியதற்குக் கொடுத்தார்கள். ஆகவே அன்று காலை 9:30க்குச் சந்தை திறந்து, சுவிட்ச் போட்ட ஆர்டர்கள் வந்தபோது, ஏழு சர்வர்களில் புதிய புரோகிராம் ஓடியது. எட்டாவதில் ஒன்பது வருடம் தூங்கிய பழையது எழுந்துகொண்டது.

வந்தவை 212 ஆர்டர்கள்தான். எட்டாவது சர்வர் அவற்றுக்காக லட்சக்கணக்கில் சிறு ஆர்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது, நிறுத்தச் சொல்ல எண்ணிக்கை இல்லையே. 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்து முடிந்தன. சுமார் 39.7 கோடி பங்குகள் கைமாறின.

காலையில் அலுவலகத்தில் யாருமே பார்க்கவில்லையா? சந்தை திறப்பதற்கு முன்பே, 'பவர் பெக் முடக்கப்பட்டுள்ளது' என்ற குறிப்போடு 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, யாரும் பொருட்படுத்தவில்லை. குழப்பம் தெரிந்த பிறகு அவர்கள் செய்த காரியம் இன்னும் கொடுமை. புதிய மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்து, சரியாக ஓடிக்கொண்டிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். அந்த ஏழிலும் பழைய வடிவம் திரும்ப வந்து, பவர் பெக் விழித்துக்கொண்டது.

இங்கே மெஷின் எதையும் தவறாகக் கணக்கிடவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். விட்டுப்போன ஒரு சர்வர், அழிக்காத பழைய வரிகள், இரண்டாம் முறை பயன்படுத்திய சுவிட்ச், படிக்காத மின்னஞ்சல் எல்லாமே மனிதர் கைவேலை. நொடிக்கு ஓர் ஆர்டர் தட்டும் மனிதன் இதே தவறைச் செய்திருந்தால் பக்கத்து நாற்காலிக்காரர் தட்டிக் கேட்டிருப்பார். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2013இல் நைட்டுக்கு 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது. அதற்குள் அந்த நிறுவனம் இன்னொரு வர்த்தக நிறுவனத்தோடு இணைக்கப்பட்டுத் தனிப்பெயரை இழந்திருந்தது.

நம்பிக்கை: அல்கோ எல்லாவற்றையும் கவனிக்கும்

எதைக் கவனிக்கச் சொன்னோமோ அதை மட்டும்தான். 2010 மே 6 அன்று அமெரிக்கச் சந்தையில் சுமார் 410 கோடி டாலர் மதிப்புள்ள ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்களை விற்க ஒரு புரோகிராம் விடப்பட்டது. அதற்குத் தந்த விதி, முந்தைய நிமிடத்தில் எவ்வளவு வணிகம் நடந்ததோ அதில் 9 சதவீத அளவுக்கு விற்றுக்கொண்டே போ என்பது. விலை என்ன ஆகிறது என்று பார்க்கும்படி அதற்குச் சொல்லவே இல்லை. விலை சரியச் சரிய, வேறு அதிவேக அல்கோக்கள் அதே ஒப்பந்தங்களைத் தங்களுக்குள் மாற்றி மாற்றித் தள்ளிவிட்டன. வணிக அளவு பெருகியது. அளவு பெருகியதால் இந்த விற்பனை புரோகிராம் இன்னும் வேகமாக விற்றது. டோ ஜோன்ஸ் குறியீடு ஒரு கட்டத்தில் முந்தைய நாள் முடிவைவிடக் கிட்டத்தட்ட 1,000 புள்ளிகள் வரை கீழே போய், அதில் பெரும்பகுதியை அன்றே மீட்டது. சரிவுக்கு முதல் தடை போட்டது சிகாகோ சந்தையில் தானாக விழுந்த ஒரு 5 நொடி நிறுத்தம்.

நம்பிக்கை: பெரிய நிறுவனங்கள் சம்பாதிக்கின்றன, அதே அல்கோ நமக்கும் சம்பாதித்துத் தரும்

பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. செபியின் ஆய்வுப்படி 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று ஆண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டப்பட்டார்கள். அதே வணிகத்தில் 2023-24இல் வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள் ஈட்டிய லாபத்தில் 97 சதவீதம் அல்கோ மூலம் வந்தது. அல்கோவில் காசே இல்லை என்று மாணவர்களிடம் சொன்னால் அது பொய்.

ஆனால் அந்த நிறுவனங்களின் கணினிகள் பங்குச் சந்தையின் டேட்டா சென்டருக்குள்ளேயே வாடகை இடத்தில் நிற்கின்றன. சென்னையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி மில்லிநொடிக்கு 200 கிலோமீட்டர்தான் ஓடும். நம் வீட்டு ஆர்டர் போய்ச் சேரவே குறைந்தது 5 மில்லிநொடி ஆகும். வேகத்தை நம்பும் விதி எதுவாக இருந்தாலும், நாம் பார்க்கும் விலை அவர்கள் ஏற்கெனவே தொட்டுவிட்டுப் போன விலை.

மணி அடிக்கும்முன் கடைசி பெஞ்சுக்கு ஒரு தகவல் பாக்கி. தரகு நிறுவனங்கள் தங்கள் அல்கோவின் பழைய லாபத்தையோ வரப்போகும் லாபத்தையோ சொல்லக் கூடாது, அப்படிச் சொல்லும் தளங்களோடு தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று செபி 2022 செப்டம்பரில் உத்தரவு போட்டது. மாமாவின் போனில் இருக்கும் விளம்பரத்தில் 'மாதம் இத்தனை சதவீதம் உறுதி' என்று எழுதியிருக்கிறதா என்று இன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். எழுதியிருந்தால், பணம் அனுப்ப வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.