அரை மணி நேர மேடைக்குப் பாட்டு வரிசை போடுவது எப்படி?

புதிதாக ஒரு இன்னிசைக் குழு ஆரம்பித்திருக்கிறீர்கள். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலிலோ, சிவகாசி பத்ரகாளியம்மன் கோயில் சித்திரைப் பொங்கலிலோ, பெரிய குழு ஏறுவதற்கு முன்னால் அரை மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பாட்டு இரண்டு கையில் இருக்கிறது. கூட்டமோ சினிமாப் பாட்டுக்காக உட்கார்ந்திருக்கிறது. எதை எங்கே வைப்பது?

முதலில் நேரத்தைப் பார்ப்போம். அரை மணி என்றால் முப்பது நிமிடமும் பாட்டு அல்ல. கீபோர்டு, ரிதம் பேடு ஒயரைச் சொருகி, மைக் பார்க்க 3 நிமிடம். பாட்டுக்குப் பாட்டு இடைவெளி 2 நிமிடம், பேச்சு 2 நிமிடம், கையிருப்பு 1 நிமிடம். மிச்சம் 22 நிமிடம்தான். ஆறு பாட்டுக்கு மேல் தாங்காது.

எங்கள் குழு போட்ட வரிசை இது. எல்.ஆர். ஈஸ்வரி பாடிப் பிரபலமான ‘கற்பூர நாயகியே’ இரண்டரை நிமிடம். அடுத்து ‘மாஸ்டர்’ (2021) படத்து ‘வாத்தி கமிங்’ மூன்றரை. மூன்றாவதாக எங்கள் சொந்தப் பாட்டு, 4 நிமிடம். பிறகு ‘குணா’ (1991) படத்து ‘கண்மணி அன்போடு’ 4 நிமிடம். 2024-ல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்த பிறகு அந்தப் பாட்டை அப்பாவும் பாடுகிறார், தம்பியும் பாடுகிறான். மெதுவான பாட்டுக்கு இதைவிடப் பாதுகாப்பு கிடையாது. ஐந்தாவது இரண்டாம் சொந்தப் பாட்டு, மூன்றரை. கடைசியில் ‘தளபதி’ (1991) படத்து ‘ராக்கம்மா’, நாலரை. கூட்டிப் பாருங்கள், 22 வரும்.

சொந்தப் பாட்டை முதலில் பாடி அசத்தலாமே என்று எங்கள் கிடார்காரர் கேட்டார். கூடாது. முதல் பாட்டு ஓடும்போதுதான் மைக்செட் அண்ணன் எந்தச் சத்தத்தை ஏற்றுவது, எதை இறக்குவது என்று பார்த்துக்கொண்டிருப்பார். பாடுகிறவர் குரல் அமுங்கித்தான் கேட்கும். தெரிந்த பாட்டென்றால் ஜனங்கள் வார்த்தையை மனசிலிருந்தே நிரப்பிக்கொள்வார்கள். புதுப் பாட்டுக்கு அந்த வசதி இல்லை; வார்த்தை காதில் விழாவிட்டால் பாட்டே இல்லை. எங்கள் முதல் பாட்டு, விடியலில் பட்டாசு ஆபீஸ் வண்டிக்காக ரோட்டில் நிற்கிற பெண்களைப் பற்றியது. எங்கள் வீட்டில் காலேஜுக்கு வந்த முதல் ஆள் நான். அந்தப் பாட்டின் பாதி வார்த்தை அம்மா வாயிலிருந்து வந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் அந்த வண்டியில் போகிறவர்கள்தான். அவர்களுக்கே கேட்காவிட்டால் எதற்கு எழுதினோம்?

அதனால் ‘வாத்தி கமிங்’ முடிந்ததும் ரிதம் பேடை நிறுத்துவதில்லை. எட்டு தாளக்கட்டு அப்படியே ஓட, அதன் மேலேயே எங்கள் பாட்டு ஆரம்பிக்கும். ஆடிக்கொண்டிருக்கிற காலுக்குப் பழைய தாளம், காதுக்கு மட்டும் புது வார்த்தை. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன், 1958 தேவிகுளம் இடைத்தேர்தல் போன்ற மேடைகளில் கட்சிப் பாட்டுகளை ஜனங்களுக்குப் பழகிய மெட்டுகளில் ஏற்றியதும் இந்தக் கணக்கில்தான் என்பது என் எண்ணம்.

இதற்கு இரண்டு பாட்டின் வேகமும் ஒத்துப்போக வேண்டும். 15 விநாடிக்குக் கை தட்டி எண்ணி, நாலால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று வரும். இரண்டுக்கும் நாலைந்து தட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒட்டாது. மேடையில் பதட்டத்தில் வேகம் தானாக ஏறும். 120-ல் பழகியது 130-க்குப் போனால் வார்த்தை விழுங்கப்படும். ஒத்திகையை செல்போனில் பதிவு செய்து, பாட்டின் தொடக்கத்தையும் முடிவையும் தனித்தனியாக எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். சுருதியும் ஒன்றாக இருந்தால் கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனைத் தொட வேண்டியதில்லை. அதைத் திருப்பி வைக்க மறந்தால் கிடார் ஒரு சுருதி, கீபோர்டு ஒரு சுருதி; கூட்டம் சிரிக்கும்.

‘ராக்கம்மா’ ரெக்கார்டில் ஏழு நிமிடத்துக்குப் பக்கம். இடையில் வரும் தேவாரத்துக்கு வயலினும் கோரஸும் நிறைய வேண்டும். ஐந்து பேர் குழுவுக்கு அது ஆகாது. பல்லவி, ஒரு சரணம், மறுபடி பல்லவி, கைதட்டலோடு முடிவு. சரவெடியை முதலிலேயே கொளுத்திவிட்டால் பிறகு பூச்சட்டியை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது சிவகாசிக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மேடை எப்போதும் தாமதமாகத்தான் கிடைக்கும். ஏறிய நிமிடத்திலிருந்து மூன்றாம் பாட்டு முடிய 15 நிமிடம் ஆக வேண்டும். கடிகாரம் 18 காட்டினால் ஐந்தாவதை விட்டுவிட வேண்டியதுதான். நம்ம பாட்டாச்சே என்று மனசு கேட்காது. ஆனால் நேரம் தாண்டி மைக் அணைந்தால் போவது ‘ராக்கம்மா’. எனவே வரிசைத் தாளில் ஐந்தாம் பாட்டின் பக்கத்தில் முன்கூட்டியே ஒரு வட்டம் போட்டு, ஐந்து பேர் காலடியிலும் ஒரு பிரதி ஒட்டிவிடுங்கள். தவிலோ, தோலக்கோ வாசிப்பவர் விரலைக் காட்டினால் எல்லோரும் நேராக ஆறாவதுக்குப் போய்விடலாம்.