பில்லிங் சாஃப்ட்வேர் கணக்கு உதைக்குதா? புகார்க் கடிதம் இப்படி எழுதுங்க!

மாசச் சம்பளம் வாங்குற நமக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் எதுக்குன்னு தோணலாம். ஆனா உங்கள்ல நிறைய பேரோட அப்பாவோ மாமாவோ ஊர்ல கடை வெச்சிருப்பாங்க. கம்ப்யூட்டர்ல ஏதாவது பிரச்சினைன்னா முதல் போன் உங்களுக்குத்தான் வரும்.

ஸ்ரீரங்கத்துல ஒரு மளிகை மற்றும் ஃபேன்ஸி கடை. 2025 செப்டம்பர் மாசக் கணக்குல வரித் தொகை உதைச்சது. சாஃப்ட்வேர் வாங்கினது தில்லைநகர்ல ஒரு டீலர்கிட்ட. கடைக்காரரோட மகள் சென்னையில வேலை பார்க்கிறாங்க. "உங்க சாஃப்ட்வேர் தப்பா காட்டுது, உடனே சரி பண்ணுங்க"ன்னு டீலருக்கு வாட்ஸ்அப் போட்டாங்க. "எங்க சைடுல எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்"னு பதில் வந்துச்சு. அவ்வளவுதான், விஷயம் நின்னுபோச்சு.

எது, எங்கே, எவ்வளவு தப்புன்னு சொல்லாத புகாருக்கு அந்தப் பதில்தான் வரும். அதனால கடிதத்துக்கு முன்னாடி கண்டுபிடிப்பு வேணும்.

எந்த வகை வித்தியாசம்?

தினமும் கடை மூடும்போது எடுக்குற நாள் முடிவு ரிப்போர்ட் 30-ஐயும் கூட்டி, மாத ரிப்போர்ட்டோட ஒப்பிடுங்க. விற்பனை, வரி ரெண்டையும் தனித்தனியா பாருங்க.

விற்பனைத் தொகையே மாறினா, பில் விடுபட்டிருக்கலாம், ரத்தான பில் சேர்ந்திருக்கலாம், இல்லைன்னா ஒரே பில் ரெண்டு தடவை ஏறியிருக்கலாம். பில் எண்களை வரிசையா பார்த்தா தெரிஞ்சிடும். சில ரூபாய் மட்டும் வித்தியாசம்னா அது பெரும்பாலும் பைசா ரவுண்டிங்.

விற்பனை ஒரு ரூபாய்கூட மாறாம, வரி மட்டும் பெருசா மாறினா? அப்போ வரி விகிதத்தைத்தான் சந்தேகப்படணும். இந்தக் கடையில நடந்தது அதுதான். ரெண்டு பக்கமும் விற்பனை ₹9,40,000. ஆனா வரி, நாள் ரிப்போர்ட்டுகளைக் கூட்டினா ₹62,450. மாத ரிப்போர்ட்ல ₹37,688. வித்தியாசம் ₹24,762.

காரணம் என்ன?

2025 செப்டம்பர் 22-லிருந்து தலைக்கு எண்ணெய், பற்பசை, குளியல் சோப்பு, ஷாம்பு மாதிரி பல பொருட்களுக்கு ஜிஎஸ்டி 18%-லிருந்து 5% ஆச்சு. அன்னைக்குக் கடையில பொருள் பட்டியல்ல 18-ஐ அழிச்சிட்டு 5-னு போட்டாங்க. அது சரியான வேலைதான். ஆனா இந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு பில்லிலும் விலையை மட்டும்தான் சேமிக்குது. வரி விகிதத்தை, ரிப்போர்ட் எடுக்குற நேரத்துல பொருள் பட்டியல்லேருந்து எடுத்துக்குது. அதனால செப்டம்பர் 1 முதல் 21 வரைக்குமான பழைய பில்களையும் 5%-ல திரும்பக் கணக்குப் போட்டுடுச்சு.

₹118-க்கு வித்த எண்ணெய் பாட்டிலை எடுத்துக்கலாம். 18%-ல, பொருள் மதிப்பு ₹100, வரி ₹18. அதே ₹118-ஐ 1.05-ஆல வகுத்தா மதிப்பு ₹112.38, வரி ₹5.62. வாடிக்கையாளர் கொடுத்த பணம் மாறலை, பிரிவு மட்டும் மாறிடுச்சு. 21 நாள்ல இப்படிப்பட்ட பொருட்களோட விற்பனை ₹2,36,000. உண்மையான வரி ₹36,000. சாஃப்ட்வேர் காட்டுறது ₹11,238. கழிச்சுப் பாருங்க, அதே ₹24,762!

இதை உறுதிப்படுத்த ரெண்டு சோதனை பண்ணோம். செப்டம்பர் 10-ம் தேதி பில் ஒண்ணை மறுபடி அச்சடிச்சோம். பழைய நகல்ல 9% + 9%, புது அச்சுல 2.5% + 2.5%. அடுத்து ஆகஸ்ட் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்தோம். ஏற்கெனவே ரிட்டர்ன் போட்டு முடிச்ச மாசத்தோட வரியும் மாறியிருந்தது. இதுக்கு மேல "எங்க சைடுல சரி"ன்னு யாரும் சொல்ல முடியாது.

கடிதம்

> அனுப்புநர்: (கடை பெயர், ஜிஎஸ்டி எண்), ஸ்ரீரங்கம், திருச்சி – 620 006
> பெறுநர்: மேலாளர், (நிறுவனத்தின் பெயர்), தில்லைநகர், திருச்சி
> நாள்: 06.10.2025
> பொருள்: வரி விகித மாற்றத்துக்குப் பின் பழைய பில்களின் வரி மாறுவது – திருத்தம் கோருதல்
>
> ஐயா,
>
> தங்கள் பில்லிங் மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறோம். உரிம எண், பதிப்பு எண், பராமரிப்பு ஒப்பந்த ரசீது இணைப்பில் உள்ளன.
>
> செப்டம்பர் 2025-க்கு நாள் முடிவு ரிப்போர்ட்டுகளின் மொத்த வரி ₹62,450. மாத ரிப்போர்ட்டில் ₹37,688. விற்பனைத் தொகை இரண்டிலும் ₹9,40,000. 22.09.2025 அன்று பொருள் பட்டியலில் விகிதத்தை 5% என மாற்றிய பிறகு, அதற்கு முந்தைய பில்களும் 5%-இல் கணக்கிடப்படுகின்றன. 10.09.2025 தேதியிட்ட பில் 4127-இன் பழைய அச்சும் புதிய அச்சும் இணைக்கப்பட்டுள்ளன.
>
> தாங்கள் செய்ய வேண்டியவை:
> 1. செப்டம்பர் மாதப் பில் விவரங்களை, பொருள் வாரியாக, தேதியுடன் எக்செல் கோப்பாக 08.10.2025-க்குள் தரவும். 11-ம் தேதி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும்.
> 2. ஒவ்வொரு விகிதமும் எந்தத் தேதியிலிருந்து செல்லும் எனப் பதியும் வசதியை 20.10.2025-க்குள் தரவும்.
> 3. பிழையின் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.
>
> பேக்கப் எடுக்காமலும் எங்கள் அனுமதி இல்லாமலும் தரவில் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)

கடைசி வரி ஏன்னு கேட்கலாம். சில சப்போர்ட் ஆட்கள் ரிமோட்ல உள்ள வந்து, மொத்தம் ஒத்துப்போறதுக்காக ஒரு சரிக்கட்டுப் பதிவு போட்டுட்டுப் போயிடுவாங்க. கூட்டுத்தொகை சரியாயிடும், ஆனா பில் தப்பாவே இருக்கும். அப்புறம் ஆதாரமும் போயிடும்.

நஷ்டஈடு கேட்கலையேன்னு நினைக்கலாம். முதல் கடிதத்துல அதைப் போட்டா பேச்சு அங்கேயே நின்னுடும், பில் விவரம் கைக்கு வராது. அதோட பெரும்பாலான உரிம ஒப்பந்தங்கள்ல விற்பனையாளரோட பொறுப்பை, நாம கட்டின தொகை அளவுக்குள்ள சுருக்கியிருப்பாங்க. அதை முதல்ல படிச்சிடுங்க. கடிதத்தை மின்னஞ்சல்லயும் ஸ்பீட் போஸ்ட்லயும் அனுப்புங்க.

ரிட்டர்ன் காத்திருக்காது

"சாஃப்ட்வேர் தப்பு"ன்னு சொன்னா ஜிஎஸ்டி துறை ஏத்துக்காது. வரிப் பொறுப்பு கடைக்காரருடையது. குறைச்சுக் கட்டினா ஆண்டுக்கு 18% வட்டி. ₹24,762-க்கு மாசம் சுமார் ₹371தான். ஆனா பின்னாடி நோட்டீஸ் வந்தா பதில் சொல்ற வேலை பெருசு.

அதனால டீலர் பதிலுக்குக் காத்திருக்காம, 1–21, 22–30னு ரெண்டு ரிப்போர்ட்டா பிரிச்சு எடுங்க. முதல் பகுதியில, விகிதம் மாறின பொருட்களோட வரியைப் பழைய விகிதத்துல எக்செல்ல போடுங்க. அது நாள் முடிவு ரிப்போர்ட்டோட ஒத்துப்போகணும். தப்பான எண்ணோட ஜிஎஸ்டிஆர்-1 போயிட்டா, அந்த மாசத்தோட ஜிஎஸ்டிஆர்-3பி போடுறதுக்கு முன்னாடி ஜிஎஸ்டிஆர்-1ஏ மூலமா திருத்தலாம்.

பதிலே வரலைன்னா?

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதியலாம். வியாபாரத்துக்காக வாங்கினவர் பொதுவா நுகர்வோர் ஆகமாட்டார். ஆனா பிழைப்புக்காகச் சுயதொழில் செய்யறவர் அந்தத் தொழிலுக்காக மட்டும் வாங்கினதுக்கு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல விலக்கு இருக்கு. குடும்பமா நடத்துற சின்னக் கடைக்கு அது பொருந்த வாய்ப்பு உண்டு. திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போடலாம். அங்கே முதல்ல கேட்கப்போறது நீங்க அனுப்பின கடிதமும் அந்த ரெண்டு பில் அச்சும்தான்.

இந்த வாரம் ஊருக்குப் போனா, ஆகஸ்ட் 2025 பில் ஒண்ணை மறுபடி அச்சடிச்சுப் பாருங்க. சோப்புக்கு 18%-னு வந்தா நிம்மதி. 5%-னு வந்தா என்ன பண்ணணும்னு இப்ப உங்களுக்குத் தெரியும். சந்தேகம் இருந்தா நம்ம சேனல் வீடியோ கீழே கேளுங்க.